பூட்டிய வீட்டுக்கு வரும் பார்சல்: நேரத்தையும் முகவரியையும் எப்போது மாற்றலாம்?

காலை ஏழரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர்களின் எண்ணிக்கை நம் ஊர்களில் பெருகிவிட்டது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் இருக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் அயர்ந்து தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தபால்காரரும் கூரியர்காரரும் வருவதோ பெரும்பாலும் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில். இரண்டு பேரின் கடிகாரமும் ஒத்துப்போவதே இல்லை. ஓட்டுநர் உரிமமும் ஏடிஎம் கார்டும் வேலைக்கான நியமனக் கடிதமும் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகின்றன.

மதியம் பன்னிரண்டு மணிக்கு டெலிவரி செய்பவர் தொலைபேசியில் அழைக்கும்போதுதான் நம்மில் பலர் நேரத்தையும் முகவரியையும் மாற்றக் கேட்கிறோம். "சாயந்தரம் ஏழு மணிக்கு வாங்களேன்", "என் ஆபீஸுக்குக் கொண்டு வந்து கொடுத்துடுங்களேன்" என்கிறோம். அவர் முடியாது என்கிறார். நமக்குக் கோபம் வருகிறது. உண்மையில் அந்த நேரத்தில் அவர் கையில் எந்த அதிகாரமும் இல்லை. ஒரு பார்சலின் பயணத்தில் மாற்றம் செய்ய இடம் கொடுக்கும் கட்டங்கள் இரண்டுதான். ஒன்று, அனுப்புபவரின் கையைவிட்டுப் போவதற்கு முன். மற்றொன்று, முதல் முயற்சி தோற்ற பிறகு வரும் சில நாட்கள். நடுவில் உள்ள பயணத்தில் ஏறக்குறைய எதையும் மாற்ற முடியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற வழிகளெல்லாம் தாமாகத் தெளிவாகும்.

வழியில் ஏன் மாற்ற முடியாது?

காரணம் நம் முகவரியின் கடைசியில் எழுதும் ஆறு இலக்க எண்ணில் இருக்கிறது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் மூன்று இலக்கங்கள், கடிதம் எந்த வட்டாரத்தில் பிரிக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்கின்றன. கடைசி மூன்று இலக்கங்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அஞ்சலகத்தைக் காட்டுகின்றன. தனியார் கூரியர் நிறுவனங்களும் இதே எண்ணை வைத்துத்தான் பார்சல்களைப் பிரிக்கின்றன.

ஊரப்பாக்கத்தின் பின்கோடு 603210. சோழிங்கநல்லூரின் பின்கோடு 600119. ஊரப்பாக்கத்தில் குடியிருந்து சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவருக்கு இரண்டும் தினமும் போய்வருகிற தொலைவுதான். ஆனால் பார்சலுக்கு அப்படி இல்லை. முதல் மூன்று இலக்கங்களே வேறு. ஊரப்பாக்கம் என்று எழுதிய பார்சல் அந்தப் பகுதிக்கான பையில் போடப்பட்டு, அந்தப் பகுதிக்கான வண்டியில் ஏறி, அந்தப் பகுதியின் டெலிவரி மையத்தில் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து புறப்படும் தபால்காரரின் பீட்டில் சோழிங்கநல்லூர் இல்லை. உங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டுமென்றால் அந்தப் பார்சலை மறுபடி பையில் போட்டு, மறுபடி வண்டி ஏற்றி, வேறு மையத்துக்கு அனுப்ப வேண்டும். கிட்டத்தட்ட ஒரு புதுப் பயணம் அது.

அதனால்தான் அதே பின்கோட்டுக்குள், அதே டெலிவரி மையத்தின் எல்லைக்குள் கேட்கும் மாற்றம் பல நேரம் நடந்துவிடுகிறது. அடுத்த தெருவில் இருக்கும் அக்கா வீட்டில் கொடுங்கள் என்றால் அவர் தலையசைப்பார். வேறு பின்கோட்டுக்குக் கேட்டால் மறுப்பார். மாற்று முகவரி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது பின்கோட்டைத்தான்.

நேரத்துக்கும் இதே கதைதான். தபால்காரர் காலையில் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டு கிளம்புகிறார். எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு கடைசியில் என்பது ஏறக்குறைய மாறாத வரிசை. உங்கள் தெருவுக்குப் பதினொன்றரைக்கு வருகிறவர் நாளையும் ஏறத்தாழ அதே நேரத்துக்குத்தான் வருவார். ஆகவே மணி நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதில் பெரிய பயன் இல்லை. கேட்க வேண்டியது நாளை மாற்றச் சொல்லித்தான்.

ஓர் ஓட்டுநர் உரிமத்தின் கதை

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஓட்டுநர் உரிமத்தையும் வாகனப் பதிவுச் சான்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கொடுப்பதில்லை. விரைவு அஞ்சல் எனப்படும் ஸ்பீடு போஸ்டில்தான் அனுப்புகிறார்கள். வீடு பூட்டியிருந்தோ முகவரி தவறாகவோ இருந்து அட்டை அலுவலகத்துக்கே திரும்பிவிட்டால், அப்போதும் நேரில் தரமாட்டோம் என்று போக்குவரத்துத் துறை அறிவித்தது. உரிய தபால் தலை ஒட்டி, சுயமுகவரி எழுதிய உறையைக் கொடுத்து, மறுபடி அஞ்சலில்தான் பெற வேண்டும். ஆகவே அந்த உறையைத் திரும்பவிடாமல் பிடிப்பது முக்கியம்.

ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு சோழிங்கநல்லூரில் அலுவலக வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை. கணவருக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட் நேரத்தில் கைபேசி பயன்படுத்த முடியாது. மனைவியின் உரிமம் புதுப்பிக்கப்பட்டு அஞ்சலில் கிளம்பிவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. அதில் ஓர் எண் இருக்கும். ஸ்பீடு போஸ்ட் எண் மொத்தம் பதின்மூன்று குறிகள் கொண்டது. முதலில் E-யில் தொடங்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் IN. இந்த எண்ணை உடனே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் அஞ்சலகத்தில் எதையும் தேடுவது கடினம்.

புதன்கிழமை காலை இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் Out for Delivery என்று வருகிறது. தபால்காரர் கிளம்பிவிட்டார் என்று பொருள். வீட்டில் யாரும் இல்லை. மாலையில் பார்த்தால் Door Locked என்று பதிவாகியிருக்கிறது. பலர் இந்த இடத்தில் "நாளைக்கு மறுபடி வருவார்" என்று விட்டுவிடுகிறார்கள். நாளைக்கும் அவர் அதே பதினொன்றரைக்குத்தான் வருவார். நாளைக்கும் கதவு பூட்டித்தான் இருக்கும்.

வீடு பூட்டியிருந்ததால் கொடுக்க முடியாத ஸ்பீடு போஸ்டை டெலிவரி அஞ்சலகத்தில் பொதுவாக ஏழு நாள் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். இந்த ஏழு நாளை எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் அதற்குள் ஒரு சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடும். வங்கிகளைப் போல அஞ்சலகங்களுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை கிடையாது. அரசு விடுமுறையாக இல்லாவிட்டால் சனிக்கிழமை தபால் பட்டுவாடா உண்டு. வார விடுமுறை சனியில் வருகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

ஆகவே அந்தப் பெண் வியாழக்கிழமை காலை அலுவலகம் போகும் முன் டெலிவரி அஞ்சலகத்துக்குப் பேசுகிறார். "சார், என் பேர்ல ஒரு ஸ்பீடு போஸ்ட் வந்திருக்கு. நேத்து டோர் லாக்டுன்னு போட்டிருக்கு. சனிக்கிழமை வீட்ல இருப்பேன், அன்னைக்குக் கொடுக்கச் சொல்ல முடியுமா?" அந்தப் பக்கத்திலிருந்து, "நம்பரைச் சொல்லும்மா, பீட் போஸ்ட்மேன்கிட்ட சொல்லி வைக்கிறேன்" என்று பதில் வருகிறது. சனிக்கிழமை பதினொன்றரைக்கு உறை கைக்கு வந்து சேர்கிறது. அடையாள அட்டையைத் தயாராக எடுத்து வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

எந்த அஞ்சலகத்துக்குப் பேசுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சலகத்துக்கே நம் தபால் வரும் என்று சொல்ல முடியாது. எல்லா அஞ்சலகங்களும் தபால் பட்டுவாடா செய்வதில்லை. சேமிப்புக் கணக்கும் தபால் தலை விற்பனையும் மட்டும் நடக்கும் அஞ்சலகங்கள் நகரங்களில் நிறைய உண்டு. டிராக்கிங் பக்கத்தில் Out for Delivery, Door Locked என்ற வரிகளுக்கு எதிரே எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ, அதுதான் நீங்கள் போக வேண்டிய இடம். அங்கே பேச முடியாவிட்டால் 1800 266 6868 என்ற அஞ்சல் துறையின் கட்டணமில்லா எண் இருக்கிறது.

சனிக்கிழமையும் வேலை உள்ளவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, டெலிவரி அஞ்சலகத்துக்கே போய் வாங்கிக்கொள்வது. தபால்காரர் பையோடு கிளம்பிவிட்ட பிறகு போனால் உறை அவரோடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே முந்தின நாளே பேசி, "வெளியே அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். அடையாள அட்டையும், பதின்மூன்று குறி எண்ணும், தபால்காரர் சீட்டு ஏதாவது விட்டுச் சென்றிருந்தால் அதுவும் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு வழி, அதிகாரக் கடிதம். பெற்றுக்கொள்ள வேறொருவரை நியமித்து அஞ்சல் அதிகாரிக்குக் கைப்பட எழுதிக் கொடுக்கலாம். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "என் பெயருக்கு வந்துள்ள இன்ன எண் கொண்ட விரைவு அஞ்சலை, பணி காரணமாக நான் நேரில் பெற இயலாததால், என் சார்பில் பெற்றுக்கொள்ள இன்னாரை நியமிக்கிறேன்" என்று எழுதி, இருவரின் கையெழுத்தும் இட்டு, இருவரின் அடையாள அட்டை நகலையும் இணைத்தால் போதும். வீட்டு உரிமையாளரோ, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ இதை எடுத்துக்கொண்டு போகலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. சாதாரண ஸ்பீடு போஸ்ட் முகவரியைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அந்த வீட்டில் இருக்கும் ஒருவர் கையெழுத்திட்டு வாங்கலாம். பதிவுத் தபால் ஆளைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. பெயருக்குரியவரோ அவர் எழுத்துமூலம் நியமித்தவரோதான் வாங்க முடியும். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது அனுப்புகிறவர் விரும்பினால் கூடுதல் கட்டணம் கட்டித் தன் ஸ்பீடு போஸ்டுக்குப் பதிவு வசதியைச் சேர்த்துக்கொள்கிறார். ஓடிபி சொன்னால்தான் கொடுக்கப்படும் என்ற வசதியும் அதேபோலக் கூடுதலாக வந்திருக்கிறது. ஆகவே ஒரே மாதிரி தெரியும் இரண்டு உறைகளில் ஒன்றை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை உங்களிடம்தான் தருவேன் என்று தபால்காரர் சொன்னால், அவர் விதியைத்தான் பின்பற்றுகிறார்.

டிராக்கிங்கில் வரும் சொல் முக்கியம்

உறை ஏன் கொடுக்கப்படவில்லை என்று பதிவாகும் காரணம்தான் அது தங்குமா, உடனே திரும்புமா என்பதை முடிவு செய்கிறது. Door Locked, Addressee Absent என்று இருந்தால் ஆள் அங்கேதான் இருக்கிறார், இப்போது வீட்டில் இல்லை என்று பொருள். அதனால் அஞ்சலகத்தில் வைத்திருப்பார்கள். Refused என்று பதிவாகியிருந்தால் நீங்கள் வாங்க மறுத்ததாக அர்த்தம். Insufficient Address என்றால் முகவரி போதவில்லை. Left என்று இருந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகப் பொருள். இவற்றுக்கெல்லாம் ஏழு நாள் காத்திருப்பார்கள் என்று நம்பியிருக்கக் கூடாது. அன்றைக்கோ மறுநாளோ திரும்பும் பையில் ஏறிவிடலாம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த Left என்ற சொல்லால்தான் அதிகச் சிக்கல். பக்கத்து வீட்டில் கேட்கும்போது, "அவங்களா, எப்பவும் பூட்டியே இருக்கும், காலி பண்ணிட்டாங்களோ என்னவோ" என்று யாராவது சொல்லிவிட்டால் அப்படியே பதிவாகிவிட வாய்ப்புண்டு. வாசலில் பெயர்ப் பலகை மாட்டுவதும், அந்தத் தெருவுக்கு வரும் தபால்காரரை ஒருமுறையாவது நேரில் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம் அண்ணா, சனிக்கிழமை வீட்ல இருப்போம்" என்று சொல்லி வைப்பதும் இதைத் தடுக்கும். அவர் அந்தத் தெருவுக்கு நாள்தோறும் வருகிறவர். ஒருமுறை சொன்னால் நினைவில் வைத்துக்கொள்வார்.

வங்கி அட்டைகளுக்கு வேறு ஒரு கண்ணி இருக்கிறது. ஏடிஎம் கார்டு, வங்கியின் பதிவேட்டில் உள்ள தொடர்பு முகவரிக்குத்தான் போகும். நீங்கள் இப்போது குடியிருக்கும் வீடு அங்கே பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை. அது ஊரில் இருக்கும் அப்பாவின் வீடாகக்கூட இருக்கலாம். புது அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த முகவரியைப் பார்த்து மாற்றிவிடுங்கள். கொடுக்க முடியாமல் திரும்பும் அட்டையைப் பல வங்கிகள் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கு அனுப்பிவிடுகின்றன. ஆகவே அட்டை வரவில்லை என்றால் புது அட்டை கேட்பதற்கு முன் கிளையில் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

இணையத்தில் வாங்கிய பார்சல்

இணையக் கடைகளில் வாங்கும் பொருளுக்கு நடைமுறை சற்று வேறு. இங்கே புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை உண்மை, கூரியர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் நீங்கள் இல்லை என்பது. பணம் கொடுத்து அதை ஏற்பாடு செய்தவர் விற்பனையாளர். கூரியர் யாருடைய சொல்லைக் கேட்கும் என்றால் விற்பனையாளரின் சொல்லைத்தான். முகவரி மாற்ற வேண்டும் என்று கூரியர் அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்துச் சலித்துப்போகிறவர்கள், முதலில் அழைத்திருக்க வேண்டியது பொருளை விற்ற கடையை.

டெலிவரி செய்ய முடியாமல் போனால் கூரியர்காரர் தன் கைபேசியில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்கிறார். அந்தத் துறையில் இதை என்.டி.ஆர். என்பார்கள், டெலிவரி நடக்காததற்கான அறிக்கை. அது விற்பனையாளரின் கணினித் திரையில் போய் நிற்கும். மறுபடி முயற்சி செய்யவா, தொலைபேசி எண்ணை மாற்றவா, வேறு நாளில் கொடுக்கவா, திருப்பி அனுப்பவா என்று அங்கே அவர் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான கூரியர்கள் மூன்று முறை வரை முயற்சி செய்கின்றன. பிறகு பார்சல் ஆர்.டி.ஓ. ஆகிவிடும். இந்த ஆர்.டி.ஓ.வுக்கும் போக்குவரத்து அலுவலகத்துக்கும் சம்பந்தமில்லை, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அந்த முத்திரை ஒருமுறை விழுந்துவிட்டால் பார்சல் உங்கள் ஊர் மையத்திலேயே இருந்தாலும் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள்.

எனவே முதல் முயற்சி தவறிய அன்று மாலையே செயல்பட வேண்டும். பல கூரியர்கள் குறுஞ்செய்தியில் ஒரு இணைப்பு அனுப்புகின்றன. அல்லது தங்கள் தளத்தில் பார்சல் எண்ணைப் போட்டால் வேறு நாளைத் தேர்ந்தெடுக்க இடம் தருகின்றன. அதில் நீங்கள் வீட்டில் இருக்கும் நாளைக் குறியுங்கள். கூடவே விற்பனையாளருக்கும் தகவல் கொடுங்கள். உங்கள் பகுதி டெலிவரி மையத்துக்கே போய் வாங்கிக்கொள்ள முடியுமா என்றும் கேட்கலாம். சில கூரியர்கள் இரவு வரை மையத்தைத் திறந்து வைத்திருப்பதால் வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிவிடலாம்.

சில நேரம் யாருமே வராமல், யாருமே அழைக்காமல், "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று பதிவாகிவிடும். அன்றைய பார்சல்களைக் கொடுத்து முடிக்க நேரம் போதாதபோது இப்படி நடக்கிறது. பல இடங்களில் கொடுத்து முடித்த பார்சலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. தூரத்தில் தனியாக நிற்கும் ஒரு பார்சலுக்காக அவர் அலைவது அவருக்குக் கட்டுப்படியாவதில்லை. இப்படி நடந்ததா என்று தெரிந்துகொள்ள, பதிவான நேரத்தையும் உங்கள் கைபேசியில் தவறிய அழைப்புகளின் பட்டியலையும் ஒப்பிடுங்கள். அழைப்பே இல்லையென்றால் அந்தப் பட்டியலின் திரைப்படத்தை விற்பனையாளருக்கு அனுப்பி, மறுமுயற்சி கேளுங்கள். ஆதாரத்தோடு கேட்பவருக்குப் பதில் விரைவில் கிடைக்கும்.

ஆனால் இவையெல்லாம் பார்சல் தவறிய பிறகு செய்பவை. ஆர்டர் போடும் முன் செய்ய வேண்டியவை இன்னும் எளிது. பெரிய இணையக் கடைகளில் முகவரியைச் சேர்க்கும்போது அது வீடா, அலுவலகமா என்று கேட்கிறார்கள். ஃபிளிப்கார்ட்டில் வீடு என்றால் நாள் முழுதும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும், அலுவலகம் என்றால் காலை பத்து முதல் மாலை ஐந்துக்குள் என்றும் பொருள். பலர் இதைக் கவனிக்காமல் வீட்டு முகவரியை அலுவலகம் என்று குறித்துவிடுகிறார்கள். பிறகு பார்சல் அலுவலக நேரத்தில் மட்டுமே வந்துகொண்டிருக்கும். வீடு என்று சரியாகக் குறித்தால் மாலையில் வருவதற்கும் வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, மாற்றுத் தொலைபேசி எண். பகலில் கைபேசியைத் தொட முடியாத தொழிற்சாலைப் பணியாளர்களும் செவிலியர்களும் ஆசிரியர்களும், எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணைச் சேர்க்க வேண்டும். கூரியர்காரர் வாசலில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரத்துக்குள் ஒரு குரல் பதில் சொல்லாவிட்டால் பார்சல் பைக்குள் போய்விடும்.

மாற்று முகவரியைத் தேர்ந்தெடுப்பது

அலுவலக முகவரி வேலைக்குப் போகிறவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் வழி. ஆனால் பெரிய வளாகங்களில் கூரியர்காரரை உள்ளே விடுவதில்லை. வாயிலில் நின்று அழைப்பார். நீங்கள் கூட்டத்தில் இருந்தால் போய்விடுவார். சில நிறுவனங்கள் சொந்தப் பார்சலை வாங்கவே அனுமதிப்பதில்லை. ஆகவே முதலில் நிறுவனத்தின் வழக்கத்தைக் கேளுங்கள். அனுமதி உண்டு என்றால் நிறுவனத்தின் பெயர், கட்டட எண், தளம், எந்த வாயிலில் வர வேண்டும் என்பதுவரை முகவரியில் எழுதுங்கள். சனி, ஞாயிறு மூடியிருக்கும் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை கிளம்பும் பார்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகம் ஒத்துவராதவர்களுக்குத் தெருவே கைகொடுக்கிறது. காலை முதல் இரவு வரை திறந்திருக்கும் மளிகைக் கடை அண்ணாச்சி, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர், பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற தாத்தா, அடுக்குமாடிக் காவலாளி என்று யாராவது ஒருவர் இருப்பார். அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பிறகு முகவரியில் உங்கள் வீட்டு எண்ணையே வைத்து, டெலிவரிக் குறிப்பில் "வீடு பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையில் கொடுக்கவும்" என்று கடையின் பெயரோடு எழுதுங்கள். பின்கோடு மாறாததால் கூரியர்காரருக்கும் இது எளிது.

இப்படிப் பிறர் கையில் வாங்க வைக்கும்போது பணத்தை முன்பே கட்டிவிடுங்கள். பொருள் வரும்போது காசு கொடுக்கும் முறையில் ஆர்டர் போட்டால், கடைக்காரர் தன் பணத்தைப் போட வேண்டியிருக்கும். பெரும்பாலும் மறுத்துவிடுவார், பார்சலும் திரும்பும். ஓடிபி கேட்கும் பார்சலாக இருந்தால், பொருள் அவர் கைக்கு வரும் அந்த நேரத்தில் மட்டும் எண்ணைச் சொல்லுங்கள். "மேடம், ஓடிபி மட்டும் சொல்லுங்க, அப்புறமா வச்சிடுறேன்" என்று கூரியர்காரர் கேட்டால் கொடுக்காதீர்கள். எண்ணைச் சொன்ன நொடியில் பதிவேட்டின்படி பொருள் உங்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. பிறகு வரவில்லை என்று நிரூபிப்பது மிகவும் கடினம்.

கைபேசி, மடிக்கணினி போன்ற விலை உயர்ந்த பொருட்களை இப்படி வாங்க வைக்கவே கூடாது. அவற்றில் பலவற்றைக் கண்முன்னே பெட்டியைத் திறந்து காட்டிக் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது நீங்கள் வாங்கியதுதானா, உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்கு நீங்கள் வீட்டில் இருக்கும் நாளைக் கணக்கிட்டு ஆர்டர் போடுவதுதான் சரி.

முகவரி மாற்றம் என்ற பெயரில் வரும் மோசடி

பார்சலை எதிர்பார்த்துக் காத்திருப்பவரின் அவசரத்தை மோசடிக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். "உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் கொடுக்க முடியவில்லை, இந்த இணைப்பில் முகவரியைத் திருத்துங்கள்" என்று அஞ்சல் துறையின் பெயரில் குறுஞ்செய்தி வருகிறது. இது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் எச்சரித்திருக்கிறது. இணைப்பைத் திறந்தால் முகவரி கேட்கும் பக்கம் வரும். அடுத்து, மறுபடி கொண்டுவருவதற்குச் சிறு கட்டணம் என்று வங்கி அட்டை விவரத்தைக் கேட்கும். அங்கேதான் கணக்கு காலியாகிறது.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி போதும். வந்த இணைப்பைத் தொடாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பார்சல் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். அங்கே தோல்வியடைந்த முயற்சி எதுவும் இல்லையென்றால் செய்தி பொய். வீடு பூட்டியிருந்ததற்காக உங்கள் ஸ்பீடு போஸ்டை மறுபடி கொண்டுவர அஞ்சல் துறை கட்டணம் கேட்பதில்லை. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

செய்ய வேண்டியது யார்?

இதுவரை சொன்னவை எல்லாம் வேலைக்குப் போகிறவர் தன் நேரத்தை வளைத்துச் செய்யும் ஏற்பாடுகள். பொறுப்பு அவரோடு முடிந்துவிடக் கூடாது. வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் அமைந்த பட்டுவாடா முறை, இருவரும் சம்பாதித்தால்தான் குடும்பம் ஓடும் என்ற காலத்துக்குப் பொருந்தாது. டெலிவரி அஞ்சலகங்கள் வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை ஒரு கவுண்டரைத் திறந்து வைத்தால், திரும்பிப் போகும் உறைகள் வெகுவாகக் குறையும். உரிமம், சான்று போன்றவற்றை அனுப்பும் அரசு அலுவலகங்கள் விண்ணப்பத்திலேயே "எந்தக் கிழமை வீட்டில் இருப்பீர்கள்?" என்று ஒரு வரி கேட்கலாம். இணையக் கடைகள் மாலை நேர டெலிவரியை எல்லா ஊர்களுக்கும் கொண்டுபோகட்டும். அதைச் செய்து முடிக்கும் தொழிலாளிக்கு மாலை நேரக் கூலியைச் சேர்த்துக் கொடுக்கவும் வேண்டும்.

அதுவரை, இன்று இரவு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வங்கியிலும் இணையக் கடைகளிலும் பதிவாகியுள்ள முகவரியைத் திறந்து பாருங்கள். பின்கோட்டைச் சரிபாருங்கள், எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண்ணைச் சேருங்கள், உங்கள் டெலிவரி அஞ்சலகம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் கிளம்பும் முன் செய்யும் இந்தத் திருத்தத்துக்குக் காசு செலவில்லை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதும் இல்லை.